அத்தக்கூலி – நிரந்தரக் கூலி இடைவெளி (போடி ஏலமலை)

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் அத்தக்கூலிக்கும், தோட்டத்தில் பெயர் பதிந்த நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பதில் உள்ள வேறுபாடு. இருவருக்கும் நாள் கூலி ஒன்றாகவே இருந்தாலும் இந்த இடைவெளி இருக்கும்.

கணக்குக்காக இருவருக்கும் நாள் கூலி 500 ரூபாய், வேலை 8 மணி நேரம், ஆண்டுக்கு வேலைநாள் 260 என்று கொள்வோம். அத்தக்கூலிக்கு மணிக்கு 62.50 ரூபாய்; அதோடு சரி. நிரந்தரத் தொழிலாளிக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 வேலைநாளுக்கு ஒரு நாள் சம்பள லீவு தந்தது. நாளொன்றுக்கு அது 25 ரூபாய். சம்பளத்தோடு பத்து பண்டிகை, தேசிய விடுமுறைகள் என்றால் இன்னும் 19 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது 42 ரூபாய். ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் சேரும் பணிக்கொடை 29 ரூபாய். பி.எஃப்.பில் முதலாளி பங்கு 12 சதவீதம், 60 ரூபாய். கூட்டினால் நாளுக்கு 675 ரூபாய். மணிக்கு 84 ரூபாய்க்குச் சற்று மேல்.

ஆகவே அத்தக்கூலி 35 சதவீதம் கூடுதலாக வாங்கினால்தான் சமம். ஆஸ்திரேலியாவில் சம்பள லீவு இல்லாத தற்காலிகத் தொழிலாளிக்கு வழக்கமாக 25 சதவீதம் கூட்டிக் கொடுக்கிறார்கள். இங்கே அப்படியொரு விதியில்லை. காய் எடுப்பு மும்முரத்தில் ஆள் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏறும். அது சந்தை விலை, லீவுக்கான ஈடு அல்ல. பருவம் முடிந்ததும் இறங்கிவிடும்.

போனஸ் சட்டப்படி ஆண்டில் 30 நாள் வேலை செய்தவருக்கும் உண்டு. ஆனால் ஒரு வாரம் ஒரு தோட்டம், மறுவாரம் வேறு தோட்டம் என்று கங்காணி அனுப்பும் இடத்துக்குப் போகிறவரின் நாள்கள் எந்த முதலாளியின் பேரேட்டிலும் 30ஐ எட்டுவது அரிது. பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர்பணி வேண்டும். பருவக் கூலிக்கு அது எட்டாது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களுக்கு 1951 சட்டம் பொதுவாகப் பொருந்தவும் இல்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 20க்கு ஒரு நாள் லீவு தொடர்கிறது. ஆனால் காலண்டர் ஆண்டில் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை மாதம் 26 நாள் ஒரே தோட்டத்தில் காய் எடுத்தாலும் 156தான் வரும்.

மேலே சொன்ன 62.50 கூட ஜீப்பில் கழியும் நேரத்தை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு. போக, வர மூன்று மணி நேரம் என்றால் 500 ரூபாய் 11 மணி நேரத்துக்கானது. அப்போது மணிக்கு 45 ரூபாய்தான். தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு இந்தக் கழிவு இல்லை.