பல் சீழ்க்கட்டி: மாத்திரை மட்டும் போதாது

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை உள்ள ஒருவருக்கு ஒருநாள் கன்னம் வீங்கி, தூங்க முடியாத வலி வருகிறது. வீட்டில் மீதமிருந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை மூன்று நாள் விழுங்குகிறார். வலி குறைகிறது; பல்லை மறந்துவிடுகிறார். இரண்டு வாரத்தில் வீக்கம் முன்னைவிடப் பெரிதாகித் திரும்புகிறது.

மாத்திரை தோற்றதற்குக் காரணம் உண்டு. சொத்தை ஆழமாகும்போது பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் செத்துவிடுகின்றன. அங்கே பெருகும் கிருமிகள் வேர் நுனி வழியாக வெளியேறி, தாடை எலும்பில் சீழ் கட்டுகிறது. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. சீழுக்குள்ளும் மருந்து போதிய அளவு சேர்வதில்லை. எனவே ஊற்று அப்படியே இருக்கிறது.

ஊற்றை அடைக்கப் பல் மருத்துவரிடம் மூன்று வழிகள் உள்ளன. பல்லைக் காப்பாற்ற முடிந்தால், அதைத் துளைத்து வேர்க்குழாயைச் சுத்தம் செய்வார். ஈறில் சீழ் திரண்டிருந்தால் சிறிதாகக் கீறி வெளியேற்றுவார். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்கிவிடுவார். வீக்கம் வற்றிய பிறகுதான் பிடுங்க வேண்டும் என்று பலர் காத்திருப்பது தவறு. வீங்கிய இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது என்பது உண்மைதான். அதனால் மருத்துவர் சற்றுத் தள்ளி, நரம்பு வரும் இடத்தில் ஊசி போடுவார்.

காய்ச்சல் இருந்தாலோ, வீக்கம் முகத்தில் பரவினாலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தாலோ ஆண்டிபயாட்டிக்கும் சேர்க்கப்படும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அமோக்ஸிசிலின் 500 மி.கி. நாளுக்கு மூன்று வேளை தரப்படுகிறது. தொற்று பரவியிருந்தால் மெட்ரோனிடாசோல் 400 மி.கி. மூன்று வேளை சேரலாம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொன்னால் வேறு மருந்து தரப்படும். மெட்ரோனிடாசோல் சாப்பிடும் நாள்களிலும் முடிந்த பின் இரண்டு நாளும் மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் கிளினிக்கில் முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது. வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வழிதல், நாக்கு மேலே தூக்கிக்கொள்ளுதல், குரல் மாறுதல், தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் கெட்டியாதல், கண் மூடுமளவு வீங்குதல், நடுக்கத்துடன் காய்ச்சல் ஆகியவை அவை. நாக்குக்கு அடியில் பரவும் தொற்று சில மணி நேரத்தில் மூச்சுக் குழாயை அடைத்துவிடலாம். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும் என்பதால் சிறிய வீக்கத்தையும் அன்றே காட்டுவது நல்லது.

முதலில் சொன்னவருக்கு வாய் திறந்தது, விழுங்கவும் முடிந்தது. அதனால் பல் கிளினிக்கிலேயே பல்லைப் பிடுங்கினார்கள். பல் இருந்த குழி வழியே சீழ் வடிந்தது. இரண்டாம் வீக்கத்துக்கு இடம் தராமல் இதை முதல் வாரமே செய்திருக்கலாம்.