கிராபிக்ஸ் கார்டு மட்டும் போதுமா... மதர்போர்டோடு மொத்தமா மாத்தணுமா? வாங்கும் முன் இதைப் பாருங்க!

பழைய கம்ப்யூட்டர் திணறும்போது, கடைக்காரர் "மொத்தமா மாத்திடுங்க" என்பார், நண்பர் "கார்டு மட்டும் போடு, பறக்கும்" என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம். எது உங்களுக்கு என்பதை கம்ப்யூட்டரே சொல்லும்.

தக்கலையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. கேமராவில் எச்.265, 4:2:2 10-பிட் முறையில் எடுத்த 4கே வீடியோவை டைம்லைனில் போட்டால் விக்கி விக்கி ஓடுகிறது. முகூர்த்த சீசனில் ஆல்பமும் வீடியோவும் கேட்டு கல்யாண வீட்டார் போன் மேல் போன். என்ன செய்வது?

முதலில் உள்ளே என்ன இருக்கு?

விண்டோஸ் பவர்ஷெல்லில் இந்த இரண்டு வரிகளை அடித்தால் மதர்போர்டு பெயரும் பிராசஸர் பெயரும் வந்துவிடும்.

```
Get-CimInstance Win32_BaseBoard | Select-Object Manufacturer, Product
Get-CimInstance Win32_Processor | Select-Object Name
```

மதர்போர்டு பெயரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடினால் சாக்கெட், ராம் வகை, எந்தெந்த பிராசஸர் பொருந்தும் என்ற பட்டியல் எல்லாம் கிடைக்கும். நம்மவருடையது ஏஎம்4 சாக்கெட்.

அடுத்து, வேலை ஓடும்போதே Ctrl+Shift+Esc அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். கேம் ஆடுபவர்களுக்கு கணக்கு எளிது. கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. கார்டு 50, 60 சதவீதத்தில் சும்மா இருந்தும் கேம் தடுமாறினால், ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் வேகம் கூடவில்லை என்றால் பிரச்னை பெரும்பாலும் பிராசஸர் பக்கம். அங்கே புது கார்டு காசு தண்டம்.

இங்கேதான் ஒரு சிக்கல்!

நம்ம எடிட்டரின் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 100 சதவீதம், கார்டு கிட்டத்தட்ட தூக்கம். மேலே சொன்ன கணக்குப்படி பிராசஸரையும் போர்டையும் மாற்ற வேண்டும். ஆனால் காரணம் வேறு. 4:2:2 வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி ஜிடிஎக்ஸ் 1650-ல் கிடையாது. அதனால் மொத்த வேலையும் பிராசஸர் தலையில் விழுகிறது. என்விடியாவில் இந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டாலும் அந்த விக்கல் போகாது.

ஆக, 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 ஒன்றே இவருக்குப் போதும், பிரீமியர் புரோ புது வெர்ஷனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு வழி, இதே வேலையைச் செய்யும் உள்ளமை கிராபிக்ஸ் கொண்ட இன்டெல் 12-ம் தலைமுறை பிராசஸருக்குப் போவது. அதற்கு பிராசஸரோடு போர்டும் மாற வேண்டும்.

கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்-ஐப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1650 எடுப்பது 75 வாட், 5060 எடுப்பது 145 வாட். என்விடியா பரிந்துரை 550 வாட். கார்டுக்கான தனி 8-பின் ஒயர் இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் அதற்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். பி450 போர்டில் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0. கார்டின் 8 ஜிபி நினைவகத்துக்குள் வேலை அடங்கும்வரை பெரிய இழப்பு தெரியாது, அதைத் தாண்டினால் வேகம் சரியும்.

போர்டை மாற்றாமல் பிராசஸர் மட்டும்?

ஏஎம்4-ல் இது நடக்கும். 2017-ல் முதல் ரைசனோடு பரவலான இந்த சாக்கெட்டில் ரைசன் 5000 வரிசைவரை பொருந்துகிறது. ரைசன் 7 5700எக்ஸ் போட்டால் ராம் உட்பட எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும், இல்லையென்றால் திரையே வராது. அப்டேட் பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம், மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

இன்டெல்காரர்களுக்கு இந்த வசதி குறைவு. 9-ம் தலைமுறை போர்டில் 10-ம் தலைமுறை உட்காராது. அங்கே பிராசஸர் தடை என்றால் போர்டும் போக வேண்டியதுதான்.

மொத்தமாக மாற்றினால்?

ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டுமே. டிடிஆர்4 ராமின் வெட்டே வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் இறங்காது. 2025 இறுதியில் இருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியதால், கையில் இருக்கும் டிடிஆர்4-க்கு மதிப்பு கூடிவிட்டது. இன்டெல் எல்ஜிஏ 1700-ல் டிடிஆர்4 போர்டுகளும் உண்டு, ஆனால் 14-ம் தலைமுறையோடு அந்தப் பாதை முடிகிறது. ஏஎம்5-க்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி கூறியிருக்கிறது.

டிடிஆர்3 ராமில் ஓடும் 4-ம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டாம். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அவை இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நல்ல கார்டு போட்டாலும் அந்த பிராசஸர் பின்னுக்கு இழுக்கும். மற்றவர்கள் கார்டை முதலில் வாங்கினால் நஷ்டமில்லை, நாளை போர்டு மாறும்போது எஸ்எஸ்டி, கேபினட்டோடு அதுவும் கழன்று வந்துவிடும்.