பயனுறு மாதிரி அளவு

பயனுறு மாதிரி அளவு என்பது, நிறைகள் ஒன்றுக்கொன்று மாறுபடும் ஒரு மாதிரி ஆய்வு, நிறை வேறுபாடு இல்லாத எத்தனை பேரைக் கொண்ட எளிய வாய்ப்பு மாதிரிக்கு ஈடான துல்லியத்தைத் தருகிறது என்பதைக் கூறும் எண்ணாகும். நிறைகள் அனைத்தும் சமமாக இருந்தால் இவ்வெண் உண்மையான மாதிரி அளவுக்குச் சமம். நிறைகள் மாறுபட மாறுபட அது குறையும். இதற்கான எளிய வாய்பாட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, அங்கேரியில் பிறந்த புள்ளியியலாளர் லெசுலி கிசு (1910–2000) ஆவார். ஆகவே இது கிசுவின் வாய்பாடு என்றும் வழங்கப்படுகிறது.

## நிறைகள் ஏன் மாறுபடுகின்றன

மாதிரியில் இடம்பெறும் ஒவ்வொரு குடும்பமும், தேர்ந்தெடுக்கப்படாத வேறு சில குடும்பங்களையும் சேர்த்துப் பேசுகிறது. ஒரு குடும்பம் எத்தனை குடும்பங்களுக்காகப் பேசுகிறது என்பதே அதன் நிறை. 20 குடும்பங்களில் ஒன்று தேர்ந்தெடுக்கப்படும் இடத்தில் நிறை 20, ஐந்தில் ஒன்று எனில் நிறை 5 ஆகும்.

இவ்வேறுபாடு பெரும்பாலும் ஆய்வின் வடிவமைப்பிலேயே தோன்றுகிறது. காவிரிப் படுகையின் தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி முறையே ஏறத்தாழ 24.06 இலட்சம், 16.16 இலட்சம், 12.64 இலட்சம் ஆகும். (நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 2020ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.) ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி மதிப்பீடு வேண்டுமெனில், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு மாதிரி எடுப்பது வழக்கம். அவ்வாறு எடுத்தபின் படுகை முழுவதற்கும் ஒரு மதிப்பீடு காண வேண்டுமானால், தஞ்சாவூரில் பதிலளித்தவருக்குத் திருவாரூரில் பதிலளித்தவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு நிறை தரவேண்டியிருக்கும்.

## வாய்பாடு

நிறையிட்ட சராசரியின் மாறுபாட்டில் ஒவ்வொருவருடைய பங்கும் அவரது நிறையின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது. இரு மடங்கு நிறை உடையவரின் தற்செயல் வேறுபாடு நான்கு மடங்காகச் சேர்கிறது. இதிலிருந்தே பின்வரும் வாய்பாடு கிடைக்கிறது:

n_eff = (Σw)² / Σw²

இங்கு w என்பது ஒவ்வொருவரின் நிறை. நிறைகளின் மாறுபாட்டுக் கெழு c எனில், இதையே வேறு வகையில் இவ்வாறு எழுதலாம்:

n_eff = n / (1 + c²)

மேற்கண்ட மூன்று மாவட்டங்களிலும் 900 பேர் வீதம் 2,700 பேர் எடுக்கப்பட்டதாகக் கொண்டால், நிறைகள் மக்கள்தொகையின் விகிதத்தில் அமையும். வாய்பாட்டில் இட்டால் பயனுறு மாதிரி அளவு ஏறத்தாழ 2,515 என வரும். இழப்பு 7 விழுக்காடு மட்டுமே. இரு மடங்கு வரையிலான நிறை வேறுபாடு பொதுவாகப் பெரிய கேடு விளைவிப்பதில்லை என்பது இதனால் தெரிகிறது.

## எடுத்துக்காட்டு: சிறு உழவரும் பெரு உழவரும்

கணக்கை எளிதாக்க, கற்பனையான ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 1,000 வேளாண் குடும்பங்கள் உள்ளன. அவற்றில் 900 சிறு உழவர் குடும்பங்கள், 100 பெரு உழவர் குடும்பங்கள். ஆய்வாளர் ஒவ்வொரு பிரிவிலும் 50 குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கிறார். சிறு உழவரின் நிறை 900/50 = 18. பெரு உழவரின் நிறை 100/50 = 2.

நிறைகளின் கூட்டுத்தொகை 1,000. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 50×324 + 50×4 = 16,400. ஆகவே

n_eff = 1,000,000 / 16,400 ≈ 61

அதாவது 100 குடும்பங்களைச் சந்தித்தும் 61 குடும்பங்களுக்குரிய துல்லியமே கிடைக்கிறது. நாற்று நடாமல் நேரடி விதைப்பு செய்வோரின் பங்கு எவ்வளவு என்பது கேள்வி எனவும், இரு பிரிவிலும் அது பாதியளவே எனவும் கொள்வோம். சம நிறையுள்ள 100 பேர் மாதிரியில் திட்டப் பிழை 5 விழுக்காட்டுப் புள்ளி. இங்கு அது 6.4 ஆக உயர்கிறது.

சிறு உழவரை மட்டும் தனியே ஆராய்ந்தால் இவ்விழப்பு இல்லை. அப்பிரிவுக்குள் அனைவரின் நிறையும் 18 என்பதால், 50 பேர் 50 பேராகவே கணக்கில் வருவர்.

## வாய்பாடு பொருந்தாத இடம்

கிசுவின் வாய்பாடு, கேட்கப்படும் செய்திக்கும் நிறைக்கும் தொடர்பில்லை என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. நேரடி விதைப்புக் கேள்விக்கு மேலே அவ்வாறு கொண்டோம். மொத்த நெல் விளைச்சலுக்கு அது பொருந்தாது.

சிறு உழவரிடையே விளைச்சலின் திட்ட விலக்கம் 10 மூட்டை, பெரு உழவரிடையே 90 மூட்டை எனக் கொள்வோம். 50, 50 எனப் பிரித்து எடுத்த மாதிரியில் மொத்த விளைச்சல் மதிப்பீட்டின் திட்டப் பிழை 1,800 மூட்டை. மாறாக, மக்கள்தொகை விகிதப்படி 90, 10 என எடுத்திருந்தால் நிறைகள் அனைத்தும் 10 ஆக இருந்திருக்கும். ஆனால் திட்டப் பிழை 3,000 மூட்டையாகும். (முடிவுள்ள தொகுதிக்கான திருத்தம் இங்கு விடப்பட்டுள்ளது.) பெரிதும் மாறுபடும் பிரிவிலிருந்து கூடுதலாக எடுத்ததால், சமமற்ற நிறைகள் இங்கு இழப்பைத் தராமல் ஆதாயத்தையே தருகின்றன.

எனவே 61 என்ற எண் அந்த மாதிரியின் நிலையான பண்பு அன்று. ஒரே மாதிரி ஒரு கேள்விக்கு 61 பேருக்கு ஈடாகவும், மற்றொரு கேள்விக்கு 100 பேருக்கு மேற்பட்டதாகவும் இருக்கக்கூடும். விளைச்சலுக்காக வடிவமைத்த ஆய்வில் பிற வினாக்களைச் சேர்ப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

## ஒரே பெரிய நிறை

வடிவமைப்பால் வரும் வேறுபாட்டைவிட, பதில் கிடைக்காததைச் சரிசெய்யும்போது தோன்றும் வேறுபாடே மிகுந்த இழப்பைத் தருவதுண்டு. அறுவடைக் காலத்தில் ஆய்வாளர் செல்கையில், ஒரு பிரிவில் ஒரே ஒருவர் மட்டும் பதிலளித்தால், அப்பிரிவு முழுவதின் நிறையும் அவர்மேல் விழும்.

100 பேரில் 99 பேரின் நிறை 8, ஒருவரின் நிறை 208 எனில், கூட்டுத்தொகை 1,000 ஆகவே இருக்கும். ஆனால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 49,600 ஆகிப் பயனுறு மாதிரி அளவு 20 ஆகச் சரிகிறது. இதைக் கண்டறிய, நிறைகளை ஏறுவரிசைப்படுத்திக் கடைசிச் சிலவற்றைச் சராசரி நிறையுடன் ஒப்பிட்டால் போதும்.

இதற்கு மாற்றாக நிறையைக் கத்தரிப்பது உண்டு. 208ஐ 40 ஆகக் குறைத்து, மீதியை மற்றவர்களுக்குச் சமமாகப் பகிர்ந்தால், பயனுறு மாதிரி அளவு 92 ஆக உயரும். ஆயினும் தொகுதியில் 20.8 விழுக்காடாக இருந்த அப்பிரிவின் பங்கு மதிப்பீட்டில் 4 விழுக்காடாகச் சுருங்குகிறது. அப்பிரிவினர் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்களாயின், விடை ஒருபுறமாகச் சாயும். 92 என்ற எண் இச்சாய்வைக் காட்டாது.

## கொத்து முறையால் வரும் இழப்பு

ஒரே ஊரிலிருந்து பல குடும்பங்களை எடுக்கும் கொத்து மாதிரியிலும் துல்லியம் குறையும். ஒரே வாய்க்காலில் நீர் பெறும் வயல்களின் விளைச்சல் ஒத்திருப்பது இதற்குக் காரணம். கிசுவின் வாய்பாடு இவ்விழப்பைக் கணக்கில் கொள்வதில்லை. நிறைகளால் வரும் இழப்பை மட்டுமே அது அளக்கிறது.