மாதத் தவணைக்குள் மறைந்திருக்கும் மூன்று தொகைகள்

வேலணையிலுள்ள எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் எடுக்க, யாழ்ப்பாண நகரக் கடையொன்றிலேயே லீசிங் போட்டோம். முற்பணம் போக மிச்சம் 4 இலட்சம் ரூபாய். “மாதம் 15,000, 36 மாதம்” என்றார் கடைக்காரர். நான் தவணைத் தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டேன்.

பிறகு ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. ஆவணக் கட்டணம் 12,000, காப்புறுதி 28,000 இரண்டையும் கடனோடு சேர்த்திருந்தார்கள். அதனால் 4 இலட்சத்துக்கல்ல, 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு வட்டி ஓடியது. காப்புறுதியும் முதல் வருடத்துக்கு மட்டுமே. அடுத்த வருடங்களுக்கு நானே கட்ட வேண்டும். கடைசி மாதத்தில் தவணையோடு மேலும் ஒரு இலட்சம் கட்ட வேண்டும் என்றும் இருந்தது. தவணை சிறிதாகத் தெரிந்தது அதனால்தான்.

36 தவணை 5 இலட்சத்து 40 ஆயிரம். கடைசித் தொகையோடு 6 இலட்சத்து 40 ஆயிரம். அது கட்டி முடியும்வரை வாகனம் நிறுவனத்தின் உடைமை. கட்டத் தவறினால் பறிபோகலாம்.

ஆகவே கையொப்பமிடுமுன் மூன்றைக் கேளுங்கள்: வட்டி எந்தத் தொகைக்கு? காப்புறுதியை வெளியே எடுக்கலாமா? தவணை அட்டவணையின் கடைசி வரியில் என்ன தொகை? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் முறைப்பாட்டைத் தீர்க்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழைக்கலாம்.