நெறிமுறைக் குழு விண்ணப்பம்: கோடியக்கரை உப்பளக் குறிப்பேட்டிலிருந்து

நெறிமுறைக் குழு விண்ணப்பம் என்பது மனிதர்களிடம் ஆய்வு செய்ய விரும்புபவர், ஆய்வைத் தொடங்கும் முன் ஒரு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் கொடுக்கும் எழுத்து ஆவணம். ஆய்வில் சேருவோருக்கு என்ன தீங்கு நேரலாம், அவர்களிடம் சம்மதம் எப்படிப் பெறப்படும், அவர்கள் சொன்னதும் கொடுத்ததும் யார் கண்ணில் படும் என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே அது அமைகிறது. இந்தியாவில் இதற்கு அடிப்படை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டி. கவுன்சிலின் முதல் நெறிமுறை அறிக்கை 1980இல் வந்தது. 2000, 2006 ஆண்டுகளில் விரிவாக்கப்பட்டது.

விண்ணப்பம் பெரும்பாலும் வெற்றுத்தாளில் பிறப்பதில்லை. களத்தில் சுற்றியபோது கிறுக்கிய குறிப்பேட்டிலிருந்துதான் பிறக்கிறது. குறிப்பேடு ஆய்வாளரின் ஆர்வத்தைப் பின்பற்றி ஓடும்; விண்ணப்பமோ பங்கேற்பவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பின்பற்றி ஓட வேண்டும். ஆகவே இது குறிப்புகளைத் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை அல்ல, ஒவ்வொரு வரியையும் மறுபக்கத்திலிருந்து படிக்கும் வேலை. கோடியக்கரையை அடுத்த உப்பளங்களை வைத்து அமைத்த ஒரு மாதிரிக் குறிப்பேட்டைக் கொண்டு இதைக் கீழே விளக்குகிறோம். குறிப்பேடு இக்கட்டுரைக்காக எழுதப்பட்டது. ஊர்களும் விதிகளும் உண்மையானவை.

களம்

கோடியக்கரை, கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி, கடினல்வயல் என நீளும் வேதாரண்யம் பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பு விளைகிறது. 1930இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளப்பட்ட இடமும் அகஸ்தியம்பள்ளிதான். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை நடக்கும். திறந்தவெளி, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில், குடிதண்ணீர்த் தட்டுப்பாடு, பெண்கள் ஒதுங்க இடமில்லாமை ஆகியவை சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கின்றனவா என்பது நியாயமான ஆய்வுக் கேள்வி. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு இதை ஆராய்ந்திருக்கிறது. மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடமும் இதே சந்தேகம் பல ஆண்டுகளாக ஆராயப்படுகிறது.

மாதிரிக் குறிப்பேட்டில் நான்கு வரிகள் இப்படி இருக்கின்றன:

“மேஸ்திரியிடம் சொல்லி விடியற்காலை பத்துப் பேரை நிறுத்தச் சொல்லணும். ரத்தம் 5 மி.லி., சிறுநீர்.”

“பெண்கள் தண்ணியே குடிக்கிறதில்லை, ஒதுங்க இடமில்லாததால். விரிவாக் கேட்கணும்.”

“கிரியாட்டினின் கூடியிருந்தா?”

“பேர், ஊர், எந்த முதலாளி பாத்தி, போட்டோ – எல்லாம் ஒரே எக்செல்லில்.”

இடர்கள்

முதல் வரியில் ஊசி குத்துவதுதான் இடர் என்று புதியவர் எழுதுவார். அதுவும் இடர்தான், குத்திய இடத்தில் வலி, நீலம் பாரித்தல், சிலருக்கு மயக்கம். ஆனால் ஊசியின் இடர் அத்துடன் நிற்பதில்லை. ஐ.சி.எம்.ஆர் வழிகாட்டி ஆய்வுகளை நான்கு இடர்ப்படிகளில் வைக்கிறது: குறைந்தபட்சத்துக்கும் கீழானது, குறைந்தபட்சம், அதைவிடச் சற்றுக் கூடுதல், உயர் இடர். கேள்வி கேட்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீர் வாங்குவது ஆகியவை இரண்டாம் படி. சிறிதளவு இரத்தம் எடுத்தால் ஆய்வு மூன்றாம் படிக்கு ஏறிவிடும். இரண்டாம் படி வரையிலான ஆய்வுகள் விரைவுப் பரிசீலனைக்குப் போகலாம். மூன்றாம் படியும், பொருளாதாரத்தில் நலிந்தோர் பங்கேற்கும் ஆய்வும் முழுக் குழுவின் கூட்டத்துக்கு வர வேண்டும். ‘ரத்தம் 5 மி.லி.’ என்று குறிப்பேட்டில் எழுதிய கை, விண்ணப்பத்திலும் ‘குறைந்தபட்ச இடர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடும். குழுவின் செயலகத்திலிருந்து முதலில் திரும்பி வருவது இந்தப் பக்கம்தான்.

ஊசியைவிடப் பெரிய இடர், தினக்கூலிக்காரர் வேலை இழப்பது. ‘சிறுநீரகம் கெட்ட ஆள்’ என்று மேஸ்திரி காதில் விழுந்தால் மறுநாள் அவரைக் கூப்பிட மாட்டார்கள். உப்பளத்தில் குடிதண்ணீரும் கழிப்பறையும் இல்லை என்று யாரோ சொன்னதாகத் தெரிந்தால், சொன்ன பெண்ணைத் தேடுவார்கள். உடல் இடரை மட்டும் எழுதி, இதை எழுதாத விண்ணப்பம் பாதி விண்ணப்பம். இடருக்கு எதிரே அதைக் குறைக்கும் வழியும் அதே பத்தியில் இருக்க வேண்டும்: பேட்டி உப்பளத்தில் நடக்காது, மாலையில் வீட்டில் நடக்கும், பெண்களிடம் பெண்ணே கேட்பார், பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

மூன்றாவது வரியில் இருப்பது ஒரே ஒரு கேள்விக்குறி. விண்ணப்பத்தில் அது ஒரு முழுப் பத்தியாக விரிய வேண்டும். வெயிலில் நாள் முழுதும் உழைத்துத் தண்ணீர் குடிக்காதவருக்கு அன்று மாலை கிரியாட்டினின் தற்காலிகமாக ஏறியிருக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்து நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல முடியாது. குறைந்தது மூன்று மாத இடைவெளியிலும் குறை நீடிக்க வேண்டும். ஆகவே விண்ணப்பம் இப்படிச் சொல்ல வேண்டும்: அளவு கூடியிருந்தால் ஆய்வுக்குழு மருத்துவர் அவரைத் தனியாகச் சந்தித்துச் சொல்வார், ஓய்வுக்குப் பின் மீண்டும் இரத்தம் பார்க்கப்படும், அப்போதும் கூடியிருந்தால் நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். எத்தனை நாளுக்குள், எந்தத் துறைக்கு, போகவரச் செலவு யார் தருவார் என்பதும் எழுதப்பட வேண்டும். ‘தேவைப்பட்டால் மருத்துவ ஆலோசனை வழங்கப்படும்’ என்ற ஒற்றை வரியைக் குழுக்கள் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது.

சம்மதம்

‘மேஸ்திரியிடம் சொல்லி நிறுத்தச் சொல்லணும்’ என்ற சொற்களிலேயே சம்மதம் உடைந்துவிடுகிறது. கூலி கொடுப்பவர் வரிசையில் நிறுத்தினால், வரிசையில் நிற்பவர் மறுக்க மாட்டார். உப்பளத்துக்குள் நுழைய உரிமையாளரின் அனுமதி தேவைதான். ஆனால் அது இடத்துக்கான அனுமதி, ஆட்களுக்கான சம்மதம் அல்ல. ஊர்ப் பஞ்சாயத்தோ சங்கமோ ஒப்புக்கொண்டாலும் தனிமனிதரின் சம்மதத்துக்கு அது ஈடாகாது. விண்ணப்பத்தில் இந்த வரி மாறும் வடிவம்: கிராமத்தில் பொதுவாக அறிவிக்கப்படும், விருப்பமுள்ளவர் தாமே ஆய்வுக்குழுவை அணுகலாம், யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது மேஸ்திரிக்குத் தெரிவிக்கப்படாது.

பங்கேற்பவருக்கான தகவல் தாள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். ‘இவ்வாய்வில் பங்கேற்பதனால் ஏற்படக்கூடிய இடர்ப்பாடுகள் மிகக் குறைந்த அளவினவாகும்’ என்ற வாக்கியம் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. இதையே, ‘உங்க கையில ஊசி குத்தி ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம். கொஞ்ச நேரம் வலிக்கும். வேண்டாம்னா இப்பவே சொல்லலாம், பாதியிலயும் சொல்லலாம். அதுக்காக ஆஸ்பத்திரியிலயோ வேலையிலயோ உங்களுக்கு ஒண்ணும் குறையாது’ என்று எழுதலாம். கடைசி வாக்கியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வேலையில் குறையாது’ என்ற உறுதியை ஆய்வாளர் தர முடியாது. வேலை அவர் கையில் இல்லை. தர முடிந்தது, ‘உங்க மேஸ்திரிக்கு நாங்க சொல்ல மாட்டோம்’ என்பது மட்டுமே. அந்த அளவுக்கே எழுத வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தாளை முழுதும் வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் கைநாட்டுப் பெற வேண்டும். சாட்சியும் கையொப்பமிட வேண்டும். ஆய்வுக்குழுவின் ஓட்டுநரும் மேஸ்திரியின் மகனும் சாட்சி ஆக முடியாது. அரை நாள் கூலி இழப்பையும் பயணச் செலவையும் ஈடுகட்டலாம். தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று எழுத வேண்டும். பணத்துக்காகவே சேரும் அளவுக்கு அது பெரிதாக இருக்கக்கூடாது. ஆய்வினால் காயம் ஏற்பட்டால் தரும் இழப்பீடு வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பக்கூடாது.

இரகசியம்

நான்காவது வரியின் ‘ஒரே எக்செல்’ இரண்டாகப் பிரிய வேண்டும். ஒன்றில் பெயரும், கைபேசி எண்ணும், ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட குறியீட்டு எண்ணும். மற்றதில் குறியீட்டு எண்ணும் அளவுகளும் பதில்களும் மட்டும். முதல் கோப்பு முதன்மை ஆய்வாளரிடம் பூட்டி இருக்கும். பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் குப்பியில் எண் மட்டுமே இருக்கும். ஆதார் எண்ணுக்கு இந்த ஆய்வில் எந்த வேலையும் இல்லை. அதை வாங்காமலே விடுவதுதான் அதைக் காப்பதற்கான எளிய வழி. ஆய்வு முடிந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆவணங்களைக் காக்க வேண்டும். மிஞ்சும் இரத்தம் அழிக்கப்படுமா, வேறு ஆய்வுக்கு வைக்கப்படுமா என்பதையும் எழுத வேண்டும். வைப்பதென்றால் அதற்குத் தனிச் சம்மதம் தேவை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை சிற்றூரில் செல்லாது. ‘கோடியக்காட்டைச் சேர்ந்த 46 வயதுக் கைம்பெண், இரண்டு மகள்கள், இருபது ஆண்டாக உப்பு வாருகிறார்’ என்று அறிக்கையில் எழுதினால் ஊரில் யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். எனவே வயதை வரம்பாகவும், ஊரை ‘வேதாரண்யம் வட்டம்’ என்றும் எழுதுவதாக உறுதி தர வேண்டும். மிகச் சிலரே உள்ள பிரிவுகளைத் தனியே பட்டியலிடக்கூடாது. உப்பள உரிமையாளர் பெயரும் மறைய வேண்டும், ஏனெனில் பாத்தி தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். முகம் தெரியும் படம் எடுப்பதானால் அதற்கும் தனிச் சம்மதம் வேண்டும். பெரும்பாலும் படமே தேவைப்படாது.

ஒத்துப்போகாமை

பகுதிகளைத் தனித்தனியே எழுதுவதால் அவை ஒன்றோடொன்று முரண்படுவதே அதிகம் காணும் பிழை. ஆய்வுத் திட்டத்தில் 5 மி.லி. இரத்தம் என்றும், தகவல் தாளில் ‘சில துளி’ என்றும் இருக்கும். இரகசியப் பகுதியில் ‘ஆய்வாளர் மட்டுமே பார்ப்பார்’ என்றிருக்கும். இடர்ப் பகுதியில் மருத்துவமனைக்குப் பெயரோடு அனுப்புவதாக இருக்கும். ஒரே ஒரு மாதிரிக் குப்பியை எடுத்து, அது பாத்தியோரத்து வீட்டிலிருந்து கூடம், கணினி, அறிக்கை, குப்பை வரை போகும் வழியை ஒவ்வொரு பகுதியிலும் தேடிப் பார்த்தால் முரண்கள் தாமாக அகப்படும்.

குறிப்பேட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒப்புதலுக்கு முன் தொழிலாளர்களோடு பேசி எழுதியவை திட்டமிட உதவலாம், ஆனால் ஆய்வுத் தரவாக அவற்றைப் பின்னர் சேர்க்க முடியாது. இரண்டாவது வரியில் பெண்கள் சொன்னது எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும், சம்மதத்தோடு மீண்டும் கேட்கப்பட்ட பிறகே அறிக்கையில் இடம் பெறும்.

முடிந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழு பின்தேதியிட்டு ஒப்புதல் தருவதில்லை. முழுக் குழு கூடி, வினாக்கள் அனுப்பி, திருத்தம் பெற்று முடிக்க மாதங்கள் ஆகலாம். வேதாரண்யத்தில் உப்புப் பருவத்தின் தொடக்கத்திலேயே களத்தில் இருக்க விரும்புபவர், ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.