டான்சில் அழற்சி: குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப்பை அளந்து கொடுக்கும் முறை

டான்சில் அழற்சியால் வரும் காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் தரப்படும் பாராசிட்டமாலின் அளவு, குழந்தையின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை தரலாம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 180 மில்லிகிராம்.

இதனை மில்லி லிட்டராக மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது. 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 7.5 மி.லி. தேவை, 250 மில்லிகிராம் உள்ளதானால் 3.6 மி.லி. போதும். புட்டி மாறியதைக் கவனியாமல் பழைய 7.5 மி.லி.யையே கொடுத்தால் 375 மில்லிகிராம், அதாவது இருமடங்குக்கும் மேல், உட்சென்றுவிடும். சொட்டு மருந்து இன்னும் செறிவானது. பொதுவாக 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு புதுப் புட்டியிலும் லேபிளைப் படித்து, அளவை மீண்டும் கணக்கிடுங்கள்.

வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. புட்டியைக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் அளப்பதே சரியானது. அளவுமூடியில் அளந்தால், அதைச் சமதளத்தில் வைத்துக் கண்மட்டத்தில் பாருங்கள். இரு வேளைகளுக்கிடையே 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் 4 முறைக்கு மேல் வேண்டாம். சளி சிரப்புகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

அளவு மிகுந்துவிட்டதெனத் தெரிந்தால், குழந்தை நலமாகத் தோன்றினாலும் புட்டியுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தாமதமாகவே வெளிப்படும்.