இராணுவத்தின் கடிவாளம் யார் கையில்?

இந்திய இராணுவம் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டது என்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் கூறு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் அளித்து, அது சட்டத்தின்படியே செலுத்தப்பட வேண்டும் என்கிறது. 74ஆம் கூற்றின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். படைகளுக்கான பணத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றமே ஒதுக்குகிறது.

ஆனால், படையினர் மக்களைக் கொன்றால் விசாரிப்பது யார்? 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ்ச் செயல்பட்ட படையினர்மீது வழக்குத் தொடர ஒன்றிய அரசின் முன் அனுமதி தேவை. கடிவாளம் குடிமை அரசின் கையில்தான் இருக்கிறது.

2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங்கில், சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிய 6 தொழிலாளர்களை இராணுவச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். தொடர்ந்த மோதலில் மேலும் பலர் மாண்டனர். மாநிலக் காவல்துறை 30 படையினர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2023இல் ஒன்றிய அரசு அனுமதி மறுத்தது. அனுமதி இல்லாததால் 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது.

அனுமதி மறுப்பு நீதிமன்றச் சீராய்வுக்கு உட்பட்டது என உச்சநீதிமன்றம் 1997இலேயே கூறியுள்ளது. நாகாலாந்து அரசும் இம்மறுப்பை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ஆனால், அனுமதி பற்றி முடிவெடுக்க அப்பிரிவு எக்காலக்கெடுவும் விதிக்கவில்லை. காலக்கெடுவும் காரணம் கூறும் கடமையும் அதில் எழுதப்பட வேண்டும் என்கிறோம். இராணுவம் ஆட்சிக்குக் கீழ்ப்படிவது பாதிக் கட்டுப்பாடே. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு ஆட்சி பதில் சொல்வதே மறுபாதி.